எக்ஸானைத் தாண்டினால் கழித்தல் மட்டும் போதாது

மாற்று ஸ்ப்ளைசிங் கேள்வி வந்தால் புதுச்சேரி லாஸ்பேட்டையில் நான் எடுக்கும் மாலை வகுப்பில் பலரும் முதலில் கால்குலேட்டரைத்தான் தேடுவார்கள். எக்ஸானின் நீளத்தைக் கழி, மூன்றால் வகு, விடை தயார். பாதி நேரம் அது தப்பு. இந்தக் கேள்வியைப் பாருங்கள்.

ஒரு ஜீனில் நான்கு எக்ஸான்கள். முதலாவதில் 150 நியூக்ளியோடைடுகள், அவற்றில் முதல் 60 புரதமாகாத பகுதி. இரண்டாவது 90, மூன்றாவது 100. நான்காவதில் 400 இருந்தாலும், முழு எம்ஆர்என்ஏவில் நிறுத்தக் கோடான் அதன் 78 முதல் 80 வரையிலான இடங்களில் வருகிறது. அதே எக்ஸானில் 25 முதல் 27 வரை UAG இருக்கிறது. இரண்டாவது அல்லது மூன்றாவது எக்ஸான் விடுபடலாம். இரண்டும் ஒன்றாக விடுபடாது. கிடைக்கும் புரதங்களின் நீளம் என்ன?

எத்தனை வடிவங்கள் என்பதிலேயே சிலர் சறுக்குவார்கள். நான்கு என்றும், 1-3-2-4 என்று வரிசையை மாற்றியும் எழுதுவார்கள். வழக்கமான ஸ்ப்ளைசிங்கில் எக்ஸான் விடுபடுமே தவிர இடம் மாறாது. இங்கே மூன்று வடிவங்கள்தான்.

முழு வடிவத்துக்கு 90 + 90 + 100 + 80 = 360, அதாவது 120 கோடான். நிறுத்தக் கோடானுக்கு அமினோ அமிலம் கிடையாது, ஆகவே 119. முதல் 60-ஐயும் சேர்த்து 139 என்று எழுதுகிறவர்கள் உண்டு. இரண்டாவது எக்ஸான் போனால் சரியாக 30 அமினோ அமிலங்கள் குறைந்து 89. இதுவரை கழித்தல் கைகொடுக்கிறது.

மூன்றாவது போனால்தான் சிக்கல். 360-இல் 100 போக 260. மூன்றால் வகுத்தால் மீதி 2 நிற்கும். அந்த மீதியைப் பார்த்ததும் பேனாவை நிறுத்த வேண்டும். பலர் 86 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். முழு வடிவத்தில் நான்காவது எக்ஸானின் முதல் இரண்டு எழுத்துகள் மூன்றாவதின் கடைசி எழுத்தோடு சேர்ந்து ஒரு கோடானாகும். இப்போது அந்த எழுத்து இல்லை. முதல் எழுத்திலிருந்தே மூன்று மூன்றாகப் படிக்கிறோம். 78-80 இப்போது ஒரே கோடானாக விழாது, 76-78, 79-81 என்று பிரிந்துவிடும். தேவையில்லாத தகவல் என்று எல்லாரும் தாண்டிப்போன அந்த UAG இப்போது சட்டகத்துக்குள் வந்துவிடுகிறது. இந்தச் சட்டகத்தில் அதற்கு முன் வேறு நிறுத்தம் இல்லையென்றால், முதல் இரண்டு எக்ஸான்களிலிருந்து 60, நான்காவதிலிருந்து 8, மொத்தம் 68. அந்தக் கடைசி எட்டும் பழைய சட்டகத்தில் வந்தவை அல்ல என்பதையும் எழுதுங்கள்.

அப்புறம், முன்கூட்டியே நிறுத்தம் வந்தால் செல் அந்த எம்ஆர்என்ஏவை அழித்துவிடும், புரதமே வராது என்று எழுதும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். பொதுவாக, கடைசி எக்ஸான் சந்திப்புக்குச் சுமார் 50 நியூக்ளியோடைடுகளுக்கும் மேல் முன்னால் நிறுத்தம் வந்தால்தான் அந்த அழிப்பு நடக்கும். இங்கே UAG இருப்பதே கடைசி எக்ஸானுக்குள்.