பிரெஞ்சு டூரிஸ்ட் பிரோஷரைத் தமிழாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: முக்கியமா காலண்டர் விஷயம்

பிரான்ஸ் டூரிஸ்ட் பிரோஷரைத் தமிழ்ல கொண்டு வர்ற வேலைக்குப் புதுசா வர்ற பசங்களோட ஃபைலைத் திருத்தும்போதெல்லாம் தோணும், இதே குழியிலதானே நாங்களும் விழுந்து எழுந்தோம்னு. எழுத்துப்பிழை, ஊர்ப்பேர் உச்சரிப்பு, நகராட்சிக் கட்டடத்தை ஹோட்டல்னு போட்டுடறது, இதெல்லாம் ப்ரூஃப் பார்க்கும்போதே மாட்டிக்கும், அதைப் பத்திப் பேசப் போறதில்ல. மாட்டாத தப்புதான் ஆபத்து. தமிழ் அருமையா ஓடும், படிக்கிறவருக்கு எந்த உறுத்தலும் இருக்காது, அதை நம்பி டிக்கெட் போட்டவர் மட்டும் அங்க போய்ப் பூட்டின கதவு முன்னாடி நிப்பார். நம்ம ஆளுங்க நிறைய விரும்பிப் போற, பிரான்ஸோட கிழக்கு ஓரத்துல ஜெர்மனியை ஒட்டி இருக்குற அல்சாஸ் பக்கத்து பிரோஷரையே உதாரணமா வெச்சுக்கறேன், ஸ்ட்ராஸ்பூர், கொல்மார், அந்த வட்டாரம்.

பண்டிகை பேர்ல சொன்ன நாளை அப்படியே விட்டுடறது

இன்னைக்கு வரைக்கும் எனக்கு எரிச்சல் வர்ற தப்பு இதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

பிரெஞ்சு பிரோஷர்ல தேதி நிறைய இடத்துல தேதியா இருக்காது. சர்ச் காலண்டரும் ஸ்கூல் லீவும்தான் அங்க காலக்கணக்கு. தூஸான்ங்கறது நவம்பர் 1ல வர்ற திருநாள். கோயில் பக்கமே போகாதவங்ககூட "ஈஸ்டர்லேர்ந்து தூஸான் வரைக்கும்"னு சொன்னா எந்த மாசம்னு புரிஞ்சுப்பாங்க, நம்ம ஊர்ல "ஆடி முடியட்டும்"னு சொன்னா சாமி கும்பிடாதவருக்கும் புரியுற மாதிரி. அதனால எழுதினவர் தேதி போடவே மாட்டார், அவரோட வாசகருக்குத் தேவைப்படாது. நம்ம வாசகருக்குத் தேவை.

ஸ்ட்ராஸ்பூர் கிறிஸ்துமஸ் சந்தையை எடுத்துக்கோங்க. 1570லேர்ந்து நடக்குற சந்தை, கதீட்ரலைச் சுத்தி மரக்குடில் கடைகளா போட்டு ஊரே ஜொலிக்கும். பிரோஷர்ல "ஆவான் முழுக்க" நடக்கும்னு இருந்துச்சு. ஆவான்னா கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற நாலு ஞாயிறு அடங்கின காலம், நம்ம கத்தோலிக்கர்கள் திருவருகைக் காலம்னு சொல்றது. புதுசா வந்த தம்பி என்ன பண்ணினார்னா, திருவருகைக் காலம்னா எல்லாருக்கும் புரியாதுன்னு நல்ல எண்ணத்துல "கிறிஸ்துமஸ் சீசன்ல"ன்னு மாத்திட்டார். படிக்க சுகமா இருந்துச்சு, செக் பண்ணினவரும் தலையாட்டிட்டார், டிராவல்ஸ்காரங்க அச்சடிச்சுக் கொடுத்துட்டாங்க.

இப்ப யோசிங்க, தமிழ்நாட்டுக் குடும்பத்துக்குக் கிறிஸ்துமஸ் சீசன்னா எப்ப? அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சு லீவு விட்டதுலேர்ந்து நியூ இயர் வரைக்கும். ஆனா திருவருகைக் காலம் டிசம்பர் 24ஓட முடிஞ்சுடும். ஸ்ட்ராஸ்பூர் சந்தையும் பெரும்பாலான வருஷங்கள்ல நவம்பர் கடைசியில ஆரம்பிச்சு 24ஆம் தேதியோட மூட்டை கட்டிடுது. ஒரு குடும்பம் 25ஆம் தேதி சாயங்காலம் போய் இறங்கியிருக்காங்க, குழந்தைகளோட. கடையெல்லாம் சாத்தியாச்சு. சரி கிறிஸ்துமஸ் அன்னைக்கு லீவு, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு தூங்கிட்டு 26ஆம் தேதி கிளம்பினா அன்னைக்கும் ஊர் மூடிக் கிடக்கு, ஏன்னா பிரான்ஸ்ல மத்த இடத்துல வேலை நாளா இருக்குற டிசம்பர் 26 அல்சாஸ்லயும் பக்கத்து மாவட்டமான மொசெல்லயும் மட்டும் அரசு விடுமுறை. 1871லேர்ந்து முதல் உலகப்போர் முடியுற வரைக்கும் அந்தப் பகுதி ஜெர்மனி கையில இருந்துச்சு, அப்ப வந்த சில சட்டங்கள் இன்னும் அங்க நடைமுறையில இருக்கு. பிரோஷர்ல அதுவும் இல்ல. திரும்பி வந்து அவங்க போட்ட சத்தத்துல டிராவல்ஸ்காரங்க பணம் திருப்பிக் கொடுத்தாங்க, மிச்சம் இருந்த பிரோஷர் எல்லாம் குப்பைக்குப் போச்சு, ரீபிரிண்ட் செலவு யார் தலையில விழுந்திருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

எனக்குக் கோபம் வந்தது அந்தத் தம்பி சொன்ன பதில்லதான். "ஒரிஜினல்ல தேதியே இல்லையே அண்ணா." இருக்காதுப்பா, அதைத் தேடிப் போடத்தானே நம்மைக் கூப்பிட்டாங்க!

சரி, ஒரு வரியை எப்படிப் பிரிக்கணும்னு பார்ப்போம். சின்னக் கோட்டை, சின்ன மியூசியம் எதை எடுத்தாலும் இந்த மாதிரி ஒரு வரி இருக்கும்: "ஈஸ்டர் முதல் தூஸான் வரை, செவ்வாய் தவிர தினமும், மே 1 விடுமுறை."

முதல்ல ஈஸ்டர். அது ஓடுற பண்டிகை, மார்ச் 22லேர்ந்து ஏப்ரல் 25க்குள்ள எப்ப வேணா வரும். 2025ல ஏப்ரல் 20, 2026ல ஏப்ரல் 5, 2027ல மார்ச் 28. 2025 பிரோஷரைப் பார்த்து 2026க்கும் "ஏப்ரல் 20 முதல்"னு காப்பி பண்ணினா ரெண்டு வாரம் தப்பு. இந்த பிரோஷர் எந்த வருஷத்துக்குன்னு கிளையன்ட்கிட்ட கேட்டுட்டுதான் பேனாவையே எடுக்கணும். பல வருஷம் ஓடப் போற பிரோஷர்னா வருஷவாரியா ஈஸ்டர் தேதியைக் கடைசிப் பக்கத்துல சின்ன டேபிளா போட்டுடுங்க. இன்னொண்ணு, பேச்சு வழக்குல "ஈஸ்டர் லீவு"ன்னு எழுதியிருந்தா அது ஈஸ்டரே இல்ல, ஸ்கூல் வசந்த கால லீவு. அது ஏ, பி, சின்னு மூணு ஜோனா பிரிச்சு வேற வேற வாரத்துல வரும், சில வருஷம் ஈஸ்டர் முடிஞ்ச பிறகுதான் சில ஜோனுக்கு ஆரம்பிக்கும். ஸ்ட்ராஸ்பூர் பி ஜோன், பாரிஸ் சி ஜோன். ரெண்டையும் குழப்பினா மொத்தத் தேதியும் தள்ளிப் போயிடும்.

அடுத்து தூஸான். இதை முக்கால்வாசிப் பேர் "கல்லறைத் திருநாள்"னு போடுறாங்க. ஏன்னு புரியுது, அன்னைக்குப் பிரெஞ்சுக்காரங்க சாமந்திப் பூத்தொட்டி வாங்கிட்டுக் கல்லறைக்குப் போவாங்க, படத்தைப் பார்த்தா நம்ம கல்லறைத் திருநாள் மாதிரியேதான் இருக்கும். ஆனா நமக்குக் கல்லறைத் திருநாள் நவம்பர் 2. தூஸான் நவம்பர் 1, அனைத்துப் புனிதர்கள் பெருவிழா. அங்க 1ஆம் தேதிதான் அரசு விடுமுறைங்கறதால ஜனங்க அன்னைக்கே போயிடறாங்க. ஒரு நாள் வித்தியாசம்தானேன்னு தோணும், சீசனோட கடைசி நாளுக்கு டிக்கெட் எடுத்தவருக்கு அந்த ஒரு நாள்தான் எல்லாம். அதோட "தூஸான் வரை"ன்னா 1ஆம் தேதியும் சேர்த்தா, முந்தின நாளோட மூடுறாங்களா, இல்ல தூஸான் ஸ்கூல் லீவு ரெண்டு வாரமும் முடியுற வரைக்குமா? வரியை வெச்சுச் சொல்ல முடியாது. கேட்டு எழுதணும். கேட்க கூச்சப்பட்டு ஊகத்துல எழுதுறவங்கதான் மாட்டுவாங்க.

செவ்வாய்க் கிழமைக்குப் போட்டிருக்குற மூணெழுத்து சுருக்கத்தை மார்ச் மாசம்னு படிச்சுட்டு "மார்ச் மாதம் தவிர"ன்னு எழுதின ஃபைலும் பார்த்திருக்கேன், அது சிரிச்சுட்டுத் திருத்துற ரகம்.

கடைசியா, ஒரிஜினல்ல இல்லாத ஒண்ணை நாமதான் சேர்க்கணும். நம்ம வாசகருக்குப் புனித வெள்ளின்னா விடுமுறை, ஈஸ்டர் திங்கள் சாதாரண நாள். பிரான்ஸ்ல அப்படியே தலைகீழ், புனித வெள்ளி வேலை நாள் (மறுபடி அல்சாஸ், மொசெல் விதிவிலக்கு), ஈஸ்டர் திங்கள் விடுமுறை. தமிழ்நாட்டுக் குடும்பங்க கோடை லீவுல கிளம்புற மே மாசம் இன்னும் மோசம். 2026 மே எடுத்தா 1ஆம் தேதி வெள்ளி, 8ஆம் தேதி வெள்ளி, 14ஆம் தேதி வியாழன் இயேசு விண்ணேற்றம், 25ஆம் தேதி பெந்தெகொஸ்தே திங்கள், நாலுமே விடுமுறை. வியாழன் விடுமுறைன்னா வெள்ளியையும் சேர்த்து லீவு போட்டுடுவாங்க, அதுக்கு "பாலம்"னே பேரு, அந்த வாரம் ரயில் டிக்கெட், ரூம் எல்லாம் கிடைக்கிறது கஷ்டம். பிரோஷர்ல "மே மாதப் பாலங்கள்"னு வர்றதைப் பார்த்துட்டு ஆத்துப் பாலத்தைத் தேடாதீங்க. "மே 14 முதல் 17 வரை நீண்ட விடுமுறை, கூட்டம் அதிகம்"னு தேதியோட எழுதிட்டு, பண்டிகை பேரைப் பக்கத்துல ஒரு தகவலா வெச்சா போதும்.

புனித நிக்கொலாவை சான்டா கிளாஸ் ஆக்கிடறது

மேல சொன்ன அதே வியாதிதான், வேற உடம்பு. அல்சாஸ்ல புனித நிக்கொலா திருநாள் டிசம்பர் 6. பிஷப் தொப்பியும் கோலுமா வருவார், சேட்டை பண்ற பிள்ளைகளை மிரட்ட ஹான்ஸ் டிராப்புன்னு ஒரு பயமுறுத்தும் ஆள் கூடவே வருவார், கடையில மனுஷ உருவத்துல மானெலேன்னு ஒரு இனிப்பு பன் விப்பாங்க. சிவப்புச் சட்டைத் தாத்தா வேற ஆள், அவர் 24ஆம் தேதி ராத்திரி வர்றவர். "சான்டா ஊர்வலம்"னு போட்டா நம்ம வாசகர் 25ஆம் தேதிக்குப் பிளான் போடுவார். பேரை அப்படியே வெச்சுட்டு "டிசம்பர் 6 வாக்கில், பிள்ளைகளுக்கு இனிப்பு கொண்டுவரும் ஆயர்"னு அரை வரி விளக்கம் கொடுங்க, ஊர்வலம் நடக்குற சரியான தேதியையும் போட்டுடுங்க, ஏன்னா பக்கத்து வார இறுதிக்கு மாத்துற ஊர்களும் உண்டு.

சாப்பாட்டை அழகா மட்டும் வர்ணிக்கிறது

தார்த் ஃப்ளாம்பேயை "வெங்காயமும் க்ரீமும் தடவிச் சுட்ட மெல்லிய ரொட்டி"ன்னு எழுதினா அழகுதான். மேல தூவுற பொடிப்பொடியான பன்றி இறைச்சி எங்க போச்சு? பிரெஞ்சு ஒரிஜினல்ல அதைச் சொல்லியிருக்க மாட்டாங்க, வழக்கமா அது இருக்கும்னு அங்க எல்லாருக்கும் தெரியும். சைவம் சாப்பிடறவர், முஸ்லிம் வாசகர் ரெண்டு பேரும் நம்ம வரியை நம்பி ஆர்டர் பண்ணுவாங்க. வெங்காய சூப்புன்னு இருந்தாலும் அடியில மாட்டெலும்புச் சாறு இருக்கலாம், சந்தையில விக்கிற சூடான மசாலா பானம் ஒயின்தான். என்ன போட்டிருக்குன்னு முதல்ல சொல்லிட்டு அப்புறம் வர்ணிங்க.

குட்டி வெனிஸை ஆலப்புழை ஆக்கறது

கொல்மார்ல லோக் ஆத்தோரம் இருக்குற பகுதிக்குப் பேரே குட்டி வெனிஸ்தான், வழிகாட்டிப் பலகையிலயும் அந்தப் பேர்தான் இருக்கு. வர்ணனைன்னு நினைச்சு மாத்தினா வழி கேட்கக்கூட முடியாது.

ஆகஸ்ட் 15 வாணவேடிக்கை

மாதா விண்ணேற்புக்கு. நம்ம சுதந்திர தினத்துக்கு இல்லன்னு ஒரு வார்த்தை போடுங்க.

சூரிய ராஜா

பதினாலாம் லூயின்னு பேர் போடுங்க, முடிஞ்சுது.