ஆய்வக அறிமுகத்தில் முறையை எழுதும்போது நேரும் தவறுகள்

எங்கள் மதுரை ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்யும் ஜூனியர் ஒருவர், இணையதளத்துக்கான தன் அறிமுகத்தைக் காட்டினார். 'தொலையுணர்வு, ஜிஐஎஸ் தொழில்நுட்பங்களைப் பயன்படுத்தி மதுரை மாவட்ட நீர்நிலைகளின் மாற்றங்களை ஆராய்கிறேன்' என்று தொடங்கியது. பதிவுப் படிவத்திலிருந்த தலைப்பு அப்படியே இறங்கியிருந்தது. அதில் கேள்வி இல்லை. பேசிப் பார்த்தால், மழைக்குப் பிறகு வண்டியூர், மாடக்குளம் கண்மாய்களில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்பதுதான் அவர் தேடுவது. முதல் வரியில் வர வேண்டியது அதுதான்.

பெரிய தவறு ஆய்வு முறையைச் சொன்ன இடத்தில் இருந்தது. 'சென்டினல்-2 படங்கள், கியூஜிஐஎஸ்' என்று செயற்கைக்கோள், வரைபட மென்பொருள் ஆகிய கருவிகளின் பெயர்களை மட்டும் அடுக்கியிருந்தார். இவற்றைப் பயன்படுத்துவோர் ஏராளம். அவற்றைக் கொண்டு எதை அளக்கிறார், அந்த அளவு எங்கே பிசகும் என்பதைத்தான் படிக்கிறவர் தேடுவார். தண்ணீர் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடும், பச்சை ஒளியை ஓரளவு திருப்பி அனுப்பும். இந்த இரண்டையும் ஒப்பிட்டுத்தான் என்.டி.டபிள்யு.ஐ. என்ற குறியீடு நீர்ப்பரப்பைப் பிரிக்கிறது. ஆனால் ஆகாயத்தாமரை மூடிய இடத்தில் இலைகள் அகச்சிவப்பைப் பலமாகத் திருப்பி அனுப்புவதால், கீழே தண்ணீர் இருந்தும் அந்த இடம் தரையாகக் கணக்காகிவிடும். கண்மாய் சுருங்கிவிட்டதாகத் தவறான முடிவு வரும். அதற்காகவே அவர் கரையோரம் ஜிபிஎஸ்ஸுடன் நடந்து நீர் விளிம்பைக் குறித்து வந்திருக்கிறார். அவருடைய உண்மையான உழைப்பு அந்த நடை, அறிமுகத்திலோ அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

திருத்திய பிறகு இப்படி வந்தது: 'சென்டினல்-2 படங்களில் நீர்ப்பரப்பை 10 மீட்டர் நுணுக்கத்தில் அளக்கிறேன். ஆகாயத்தாமரை மறைக்கும் இடங்களைக் களத்தில் ஜிபிஎஸ் கொண்டு சரிபார்க்கிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம் மறைக்கும் நாட்கள் கணக்கில் விடுபடுகின்றன.' கடைசி வரியை எழுதத் தயங்கினார். வடகிழக்குப் பருவமழையில்தான் கண்மாய் நிறையும், மேகம் அதிகமாக இருப்பதும் அப்போதுதான். துறை தெரிந்தவர் உடனே கேட்கப்போகும் கேள்வியை நாமே சொல்லிவிடுவது நல்லது.

சரி, வழிகாட்டிகள். இரண்டு பெயரையும் ஒரே வரியில் போட்டால் யார் கைடு, யார் கோ-கைடு என்று வெளியாளுக்குத் தெரியாது. 'படப் பகுப்பாய்வில் இவர், நீரியலில் அவர்' என்று பிரித்து எழுத வேண்டும். படித்துப் பார்த்துச் சரி என்று இருவரும் சொன்ன பிறகே பக்கத்தை ஏற்ற வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருந்தாலும், வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் உறுதியாகும் வரை பெயருக்கு முன் 'முனைவர்' போடக் கூடாது.

கற்பித்தலில் 'இரண்டு ஆண்டு அனுபவம்' என்று மட்டும் இருந்தது. விசாரித்தால், எம்.எஸ்சி. மாணவர்களுக்கு வாரம் ஒரு ஜிஐஎஸ் லேப் எடுத்து, பயிற்சித் தாள்களையும் அவரே தயாரித்திருக்கிறார். தியரி வகுப்பில் பேராசிரியருக்கு உதவியதோடு சரி. இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொன்னேன்.