பேனா நிற்கும் இடம்: விண்ணப்பப் படிவத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் விண்ணப்பத்தைச் சரிபார்த்துத் தரச் சொன்னார்கள். வெற்றுப் படிவத்தைப் படித்தால் குறை தெரியாது என்பதால், முன்பு நிரப்பி வந்த பத்துப் படிவங்களைக் கேட்டு வாங்கினேன். அடித்தல் திருத்தல் எங்கே குவிந்திருக்கிறதோ அங்கேதான் கோளாறு.

முதலில் கண்ணில் பட்டது ஊர்ப் பெயர். எழுத்துக்கு ஒரு கட்டம் என்று பன்னிரண்டு கட்டங்கள் போட்டிருந்தார்கள். கோபிசெட்டிபாளையம் என்பது ஒன்பது எழுத்து. ஆனால் கொம்பையும் காலையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுகிறவருக்குப் பதினான்கு கட்டம் வேண்டும். கட்டம் எண்களுக்கே பொருந்தும். ஆதாரின் 12 இலக்கங்களை நான்கு நான்காகப் பிரித்துக் கொடுத்தால் நன்றாக எழுதுகிறார்கள். தமிழ்ப் பெயருக்கு வெறும் கோடு போதும். எழுத்தின் மேலேயும் கீழேயும் வளைவுகள் வருவதால் கோடுகளுக்கிடையே 10 மி.மீ. விட்டேன்.

முகவரியில் 'கதவு எண், தெரு' என்று கேட்டிருந்தது. தோட்டத்தில் குடியிருக்கும் குடும்பங்களுக்குத் தெரு ஏது? அவர்கள் தோட்டத்தின் பெயரை ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தார்கள். 'கதவு எண் / தெரு அல்லது தோட்டம்' என்று மாற்றி, முழு வரி கொடுத்தோம்.

நிலவிவரத்தில்தான் அதிகப் பிழை. படிவம் முதலில் பரப்பைக் கேட்டது, பிறகு பட்டா எண்ணை, கடைசியில் புல எண்ணை. கையிலிருக்கும் சிட்டாவிலோ பட்டா எண் மேலே இருக்கிறது; புல எண், உட்பிரிவு, பரப்பு அதன்பின் வருகின்றன. விவசாயி மேலும் கீழும் தேடி, இரண்டை மாற்றி எழுதிவிடுகிறார். பார்த்து எழுதும் ஆவணத்தின் வரிசையே படிவத்தின் வரிசையாக இருக்க வேண்டும். பரப்புக்கு அளவும் குறிப்பிடவில்லை. சிட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கிறது. வாய் ஏக்கர், சென்ட் என்கிறது. சிட்டாவில் 0.40.50 என்றிருந்த நிலத்தை ஒருவர் '40 சென்ட்' என்று எழுதியிருந்தார். அது நாற்பதரை ஏர், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர். 'ஹெக்டேர் ___ ஏர் ___ (சிட்டாவில் உள்ளபடி)' என்று அந்த இடத்திலேயே அச்சிட்டால் போதும்.

குறிப்புகள் பதினான்கும் பின்பக்கத்தில் இருந்தன. எழுதி முடித்த பிறகுதான் தாளைத் திருப்புகிறார்கள். ஆகவே தேவையானவற்றை அந்தந்தக் கேள்விக்கு முன்னால் ஒரு வரியாகக் கொண்டுவந்தேன். மற்றவை சங்கத்தின் ஊழியருக்கானவை, நீக்கினோம். 'பொருந்தாததை அடிக்கவும்' என்ற வரி மட்டும் தனியாகச் சொல்லத்தக்கது. டிக் அடிப்பதும் அடித்தல்தானே! சிலர் தங்களுக்குப் பொருந்தாததன் மேல் கோடு இழுத்தார்கள், சிலர் பொருந்தியதற்கு டிக் போட்டார்கள். வரியைப் பாதி படித்த ஒருவர் பொருந்தியதையே அடித்திருந்தார். ஆம், இல்லை இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்து, 'ஒன்றில் ✓ போடுங்கள்' என்று எழுதினோம்.

அச்சுக்குப் போகுமுன் புதிய படிவத்தை, சிட்டாவோடு வந்த மூவரிடம் கொடுத்து, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூவரின் பேனாவும் 'அஞ்சல்' என்ற இடத்தில் நின்றது. அஞ்சல் நிலையத்தின் பெயரா, பின்கோடா என்று கேட்டார்கள். அதையும் இரண்டாகப் பிரித்தோம்.