'அவள்' என்று மாற்றியும் நகராத பத்தி

அப்பாவின் கடைசி இரவை எழுத உட்கார்ந்தால், "நான் கதவைத் திறந்தேன்" என்பதோடு பேனா நின்றுவிடும். நாள்கணக்கில் இப்படியே போனது.

'நான்' என்பதற்குப் பதில் 'நீ' போட்டுப் பார்த்தேன். "நீ ஏன் தாமதமாக வந்தாய்" என்று விசாரணை மாதிரி ஆகிவிட்டது. தன்னைத் தானே திட்டிக்கொள்ள வேண்டுமென்றால் 'நீ' சரி.

அப்புறம் 'அவள் திறந்தாள்'. அப்போதும் தொண்டை அடைத்தது. வெறும் 'அப்பா' என்று எழுதினாலே அது என் அப்பாதானே! 'இன்று', 'இங்கே' எல்லாமும் என் இடத்தில் நின்றே பேசின. 'அவளுடைய அப்பா', 'அன்று', 'அங்கே' என்று மாற்றியதும் பத்தி ஓடியது: "அவளுடைய அப்பாவின் மூக்குக்கண்ணாடி மடிக்காமல் மேசைமேல் கிடந்தது."

முழுவதும் முடித்தபின் ஒவ்வொரு பத்தியாக 'நான்' ஆக்கிப் பார்த்தேன். பெரும்பாலானவை தாங்கின. மருத்துவர் பேசும் பகுதி மட்டும் இன்னும் 'அவள்'தான்.