பிசிஜி ஊசி பழுக்கும்போது பிதுக்காதீர்கள்

பிறந்து 38 நாளான ஆண் குழந்தை. இடது தோளில் மஞ்சள் பூசிய ஒரு துணிக்கட்டு. நான் அதை நனைத்து மெதுவாகப் பிரித்தபோது நடுவில் ஒரு சிறு புண், அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பளபளவென்று சிவப்பு. புறங்கையை வைத்தால் சுட்டது. தொட்டதும் குழந்தை வீறிட்டான். "ஊசி போட்ட இடம் சீழ் பிடிச்சிருச்சும்மா, நான்தான் முந்தாநாள் பிதுக்கி விட்டேன்" என்றார் பாட்டி. நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தார். அந்தச் சீழ் தொற்றே அல்ல, பிசிஜி வேலை செய்ததன் அடையாளம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தொற்று வந்தது பிதுக்கிய பிறகுதான்.

குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கும் எனக்கு இந்தக் குழப்பம் பழகிப்போனது. ஒவ்வொரு தடுப்பூசிக்கும் ஒரு நாள்கணக்கு உண்டு. அது தெரியாததால்தான் முக்கால்வாசித் தவறுகளும் நடக்கின்றன.

பிசிஜி காசநோய்க்கான ஊசி. உயிருள்ள, ஆனால் வலுவிழக்கச் செய்த கிருமி அதில் இருக்கிறது. பிறந்ததும் இடது மேற்கையில், தோலின் மேலடுக்கிலேயே, 0.05 மில்லி மட்டும் போடுவார்கள். போட்டதும் கொசு கடித்ததுபோல் தடித்து, அரை மணி நேரத்தில் அமுங்கிவிடும். அப்புறம் இரண்டு மூன்று வாரம் ஒன்றுமே தெரியாது. வீட்டில் எல்லோரும் அந்த ஊசியை மறந்திருக்கும் நேரத்தில் அங்கே ஒரு சிவந்த முளை கிளம்பும். ஐந்தாவது வாரத்தில் அது 4 முதல் 8 மில்லிமீட்டர் வரை வளரும். பல குழந்தைகளுக்கு நுனி மஞ்சளாகி, உடைந்து, கொஞ்சம் சீழ் கசிந்து, பக்கு கட்டும். பக்கு விழும், மறுபடி கசியும், மறுபடி கட்டும். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் தானாக ஆறி, வட்டமான சிறு தழும்பாக நின்றுவிடும். இத்தனைக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் இருக்காது, பால் குடிப்பது குறையாது, அந்தக் கையை வழக்கம்போல் ஆட்டும். நிதானமாக வளர்வதும், சூடில்லாமல் இருப்பதும், தொட்டால் குழந்தை அழாததும்தான் இயல்பான பிசிஜி புண்ணின் குணம்.

பாட்டி பிதுக்கியது 36-ம் நாள், சரியாகப் பழுத்து நிற்கும் நேரம். நகத்தில் இருந்த கிருமி திறந்த புண்ணுக்குள் போனது. அதன்மேல் மஞ்சளைக் குழைத்துப் பூசி இறுக்கிக் கட்டியதில் ஈரமும் அழுக்கும் உள்ளேயே தங்கின. இரண்டே நாளில் சிவப்பு பரவி, காய்ச்சலும் வந்துவிட்டது. ஐந்து வாரம் மெல்ல நடந்ததற்கும் இரண்டு நாளில் இது பாய்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். மருத்துவர் குழந்தையை அன்றே சேர்த்துக்கொண்டு ஆன்டிபயாடிக் கொடுத்தார். சிவப்பு அடங்கியது. அடியில் இருந்த பிசிஜி புண் மட்டும் தன் கணக்குப்படியே மெதுவாக ஆறியது.

அந்தப் புண்ணுக்கு மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி, ஆன்டிபயாடிக் பவுடர் எதுவும் வேண்டாம். தினமும் குளிப்பாட்டலாம். தேய்க்காமல் தண்ணீர் ஊற்றி, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தால் போதும். காற்றுப் படும்படி தளர்வான பருத்திச் சட்டை போடுங்கள். சட்டையில் ஒட்டுகிறது என்றால் சுத்தமான உலர்ந்த காஸ் துணியைத் தளர்வாக மேலே வைக்கலாம், இறுக்கமான கட்டோ காற்றுப் புகாத பிளாஸ்டரோ வேண்டாம்.

இது பழுக்கும் ஆறாவது வாரத்தில்தான் தொடை ஊசியும் வருகிறது. "ஒரு ஊசியே ஆறல, இன்னொண்ணு எதுக்கு?" என்று புதன்கிழமை ஊசிக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். பிசிஜி புண் கசிந்துகொண்டிருந்தாலும் ஆறாம் வார ஊசிகளைத் தள்ளிப்போடத் தேவையில்லை. அந்தத் தொடை ஊசி தடுக்கும் கக்குவான் இருமல் மிகச் சின்னக் குழந்தைகளுக்குத்தான் அதிக ஆபத்து, அதனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் நட்டம்.

ஐந்து நோய்களைத் தடுக்க இடது தொடையில் போடும் பென்டாவேலன்ட் ஊசியின் கணக்கு நேர் எதிர். அது தசைக்குள் ஆழமாகப் போகிறது. சிவப்பு, வீக்கம், வலி, காய்ச்சல் எல்லாம் அன்று மாலையே தொடங்கி, பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அதன்பிறகு தோலுக்கு அடியில் கோலிக்குண்டு போல ஒரு கட்டி தங்கலாம். வலி இருக்காது, மேல்தோல் சாதாரண நிறத்தில் இருக்கும். ஊசி மருந்தில் உள்ள அலுமினிய உப்பு அந்த இடத்தில் மெதுவாகக் கரைவதுதான் காரணம். சில வாரம், சில குழந்தைகளுக்குச் சில மாதம்கூட இருந்து கரையும். அதை எண்ணெய் போட்டு உருவிக் கரைக்கப் பார்க்காதீர்கள். முதல் நாள் வீக்கத்துக்குக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைக்கலாம். சுடுதண்ணீர் ஒத்தடம் சின்னக் குழந்தையின் தோலைப் பொத்துப்போகச் செய்துவிடும். அப்படிப் பொத்த தொடைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆக, ஐந்தாவது வாரத்தில் கையில் புதிதாகச் சிவப்பதும் சீழ் வைப்பதும் இயல்பு. ஆனால் தொடையில், ஊசி போட்டு மூன்று நாள் கழித்துச் சிவப்பு குறையாமல் கூடிக்கொண்டே போனால், அல்லது ஆறிப்போன இடம் மறுபடி சுட்டு, வீங்கி, அமுக்கினால் உள்ளே திரவம் இருப்பதுபோல் நெகிழ்ந்தால், அது சீழ்க்கட்டியாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள். சந்தேகம் வந்தால் பேனாவால் சிவப்பின் ஓரத்தில் கோடு போட்டு நேரத்தைக் குறித்துவையுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் காத்திருக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு, ஊசி போட்டு ஓரிரு நாளில் வரும் லேசான சூட்டைத் தவிர, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தாலே உடனே மருத்துவரிடம் போக வேண்டும், ஊசி போட்ட இடம் எப்படி இருந்தாலும் சரி.

பிசிஜியிலும் காட்ட வேண்டியவை உண்டு. புண் சுண்டுவிரல் நக அகலத்தைத் தாண்டி, அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதானால், அல்லது மூன்று மாதமாகியும் ஆறாவிட்டால் காட்டுங்கள். ஊசி போட்ட முதல் இரண்டு மூன்று நாளிலேயே முளை கிளம்பினாலும் சொல்லுங்கள். குழந்தைக்கு ஏற்கெனவே காசநோய்க் கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இடது அக்குளில் நெறி கட்டுவதும் உண்டு. வலியில்லாமல், தொட்டால் நகர்ந்து, வேர்க்கடலை அளவில் இருந்தால் பெரும்பாலும் தானாக வற்றும், மாதக்கணக்கில் ஆகலாம். அது நெல்லிக்காய் அளவுக்குப் பெருத்து, மேல்தோல் சிவந்து இளகினால் காட்ட வேண்டும். மருத்துவர் தேவைப்பட்டால் ஊசியால் சீழை உறிஞ்சி எடுப்பார். கத்தியால் கீறினால் அந்த வழி மூடாமல் வெகுநாள் வடியும். அதனால் "கீறி விட்டுடுங்க" என்று நீங்களே கேட்காதீர்கள். சாதாரண ஆன்டிபயாடிக்கும் இதற்குக் கேட்காது. குடும்பத்தில் முன்பு ஒரு கைக்குழந்தை காரணம் தெரியாத தொற்றில் இறந்திருந்தால், அதை பிசிஜி போடும் முன்பே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு இந்த உயிருள்ள கிருமி உடல் முழுக்கப் பரவிவிடும்.

சிலர் தலைகீழான கவலையோடு வருகிறார்கள்: "தழும்பே வரலை, ஊசி பலிக்கலையா?" சில குழந்தைகளுக்குத் தழும்பு விழாது. அதற்காக மறுபடி பிசிஜி போட வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இன்னொன்று. ஆறிப்போன தழும்பு மாதங்கள் கழித்துத் திடீரென்று சிவந்து தடித்து, கூடவே ஐந்து நாளாகக் காய்ச்சல் விடாமல் இருந்து, கண்ணும் உதடும் சிவந்திருந்தால், அது கவாசாகி நோயாக இருக்கலாம். இதயத்தின் ரத்தக் குழாய்களைப் பாதிக்கும் நோய் அது, முதல் பத்து நாளுக்குள் மருந்து கொடுத்தால் அந்தப் பாதிப்பைப் பெரும்பாலும் தடுக்கலாம். எனவே காய்ச்சலுக்குக் காட்டப் போகும்போது குழந்தையின் சட்டையைக் கழற்றி, இடது தோளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.