கம்பெனி பிட்காயின் வாங்கி வச்சிருந்தா புக்ஸ்ல எப்படி எழுதுறது?

முதல்ல, எந்த தலைப்புல போடுறதுன்னு முடிவு பண்ணணும். நிறைய பேர் பிட்காயினை கேஷ்னு போட்டுடுறாங்க, இல்லன்னா ஷேர் மாதிரி ஃபைனான்ஷியல் அசெட்னு போடுறாங்க, ஐஎஃப்ஆர்எஸ்ங்கிற சர்வதேச கணக்கு விதிகள் படி ரெண்டுமே தப்பு. 2019 ஜூன்ல, அந்த விதிகளுக்கு விளக்கம் சொல்ற ஐஃப்ரிக் கமிட்டி இதை தெளிவாவே சொல்லிடுச்சு: வாங்கி விக்கிறதே உங்க தொழில்னா அது சரக்கு, ஐஏஎஸ் 2ங்கிற விதி, மத்தபடி அது கண்ணுக்கு தெரியாத சொத்து, ஐஏஎஸ் 38. நாம இங்க முதலீடா வாங்கி வச்சிருக்கிற கம்பெனியை எடுத்துக்குவோம்.

அடுத்து வாங்கின விலை. எக்ஸ்சேஞ்ச் கமிஷனையும் சேர்த்து எழுதுங்க. நம்ம உதாரணத்துல கமிஷனோட சேர்த்து 1000ன்னு வைங்க. இதுக்கு ஆயுள் வரம்பு கிடையாது, அதனால வருஷா வருஷம் தேய்மானம் மாதிரி எழுத வேண்டாம், ஆனா புக்ஸ்ல இருக்கிற மதிப்பு நிஜமாவே திரும்ப கிடைக்குமான்னு பார்க்கிற இம்பேர்மென்ட் டெஸ்ட் வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம், நடுவுல விலை பலமா விழுந்தா அப்பவும் பார்க்கணும்.

முதல் வருஷ முடிவுல வித்தா செலவு போக 700தான் கிடைக்கும்னா, 300 நஷ்டம் லாப நஷ்ட கணக்குல போகும். இங்க கவனம், மார்ச் 31 கணக்கு முடிவுன்னா அன்னிக்கு விலைதான், ஏப்ரல்ல விழுந்துச்சுன்னு இந்த வருஷத்துல எழுதக்கூடாது, பெரிய தொகைன்னா குறிப்புல மட்டும் சொல்லணும்.

ரெண்டாவது வருஷம் 1300 ஆகிடுச்சு. வாங்கின விலையை அடிப்படையா வச்சு எழுதுற காஸ்ட் மாடல்ல இருந்தீங்கன்னா பழைய நஷ்டம் 300ஐ திருப்பி எழுதணும், ஆனா 1000ஐ தாண்ட முடியாது, மேல இருக்கிற 300 புக்ஸ்லயே வராது. சந்தை விலைக்கு ஏத்த மாதிரி மாத்தி எழுதுற ரீவேல்யூவேஷன் மாடல்னா 1300 வரைக்கும் ஏத்தலாம், அதுக்கு ஆக்டிவ் மார்க்கெட் இருக்கணும், பிட்காயினுக்கு இருக்கு, யாரும் வாங்கி விக்காத சின்ன டோக்கனுக்கு இருக்காது. ஏறின 600ல முதல் 300 போன வருஷ நஷ்டத்தை சரிக்கட்ட லாப நஷ்டத்துக்கு போகும், மீதி 300 லாப நஷ்டத்துல சேராம தனியா காட்டுற ஓசிஐ வழியா ரீவேல்யூவேஷன் சர்ப்ளஸ்ல உக்காரும்.

மூணாவது வருஷம் 1400க்கு வித்துட்டீங்க, பெரும்பாலானவங்க தடுமாறுறது இங்கதான். காஸ்ட் மாடல்ல 400 லாபம் முழுசா லாப நஷ்டத்துல வரும். ரீவேல்யூவேஷன்ல 100 மட்டும்தான் வரும், சர்ப்ளஸ்ல இருக்கிற 300ஐ நேரா, இதுவரை சேர்ந்த லாபம் இருக்கிற ரிடெய்ன்ட் எர்னிங்ஸுக்கு மாத்திக்கலாம், லாப நஷ்டத்துல லாபம்னு ஒருநாளும் காட்ட முடியாது. ரெண்டு மாடல்லயும் கைக்கு வந்த காசு ஒண்ணுதான். அதனால மாடலை வாங்கும்போதே யோசிச்சு எடுங்க, லாபம் எதுல அழகா தெரியுதுன்னு பார்த்து பின்னாடி மாத்துறது சரிவராது.

அமெரிக்க விதியோட குழப்பிக்காதீங்க, அங்க முன்னாடி இறக்குனதை திரும்ப ஏத்தவே முடியாது, 2023 டிசம்பர்ல வந்த புது விதிப்படி பிட்காயின் மாதிரி காயின்களோட ஏற்ற இறக்கம் முழுசா வருமானத்துலயே வருது.