பேப்பர் படத்தைக் காலம் காலமாக வாசியுங்கள், தலைப்பு அப்புறம்

புதுச்சேரிக் கடலரிப்பு பற்றிய ஆங்கிலச் செய்தி ஒன்றை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி, தலைப்பைத் தமிழாக்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு: 'எ ஷோர் லாஸ்'. 'ஷோர்' என்றால் கரை. அதையே வாய்விட்டுச் சொன்னால் 'ஷ்யூர் லாஸ்', அதாவது நிச்சயமான இழப்பு என்றும் காதில் விழும். எது இழப்பு, பணமா மணலா? அதைத் தலைப்பு சொல்லாது, செய்திதான் சொல்லும். அதனால் செய்தியை, பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் எழுத்துப் பட்டைகளான காலங்களின் வரிசை பிசகாமல் வாசிப்பதுதான் முதல் வேலை. பயிற்சிக்காக நாங்களே அமைத்த ஒரு பக்கத்தை வைத்து அதைச் செய்து பார்ப்போம்.

படம்

பேப்பரை மடிப்பு நீங்க மேசையில் விரித்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். போனை பக்கத்துக்கு இணையாகப் பிடித்து முழுப் பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். எந்தச் செய்தி எங்கே இருக்கிறது என்று பார்க்க அது போதும். பிறகு செய்தியை மட்டும் கிட்டத்தில், ஒன்றின் ஓரம் அடுத்ததிலும் விழும்படி, இரண்டு மூன்று படங்கள் எடுங்கள். பெரிதாக்கிப் பார்க்கும்போது காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் வேறு வேறாகத் தெரியவில்லையென்றால் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

எல்லை

படத்தின் மேல் காலங்களுக்கு எண் போடுங்கள். எங்கள் பக்கத்தில் ஐந்து காலம். தலைப்பு 2, 3, 4 ஆகிய மூன்று காலங்களின் மேல் நீள்கிறது. தலைப்பு எவ்வளவு அகலமோ, அதன் கீழ் அடுத்த தலைப்போ கோடோ வரும்வரை உள்ள இடம் பெரும்பாலும் அந்தச் செய்தியுடையது.

முதல் காலத்தில் இருப்பது வேறு செய்தி: மார்க்கெட் கடை ஏலத்தில் வந்த நஷ்டம். நடுவில் கோடு கிடையாது, சில மில்லிமீட்டர் வெள்ளை இடைவெளி மட்டும். கண் இடமிருந்து வலமாக ஓடினால் ஏல நஷ்டம் நேராகக் கடலரிப்புச் செய்தியில் கலந்துவிடும். அப்போது 'லாஸ்' என்பதைப் பண நஷ்டமாக எடுத்து, 'நிச்சய நஷ்டம்' என்று தலைப்பு எழுதிவிடுவீர்கள். புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

கணினியில் எழுத்தைப் பிரித்தெடுப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் டெசராக்ட் நிரலுக்கு முழுப் பக்கத்தையும் ஒரே படமாகக் கொடுக்காமல், காலம் காலமாக வெட்டி ஒவ்வொன்றாகக் கொடுங்கள். இரண்டாம் காலத்துக்கு:

```
tesseract col2.png col2 -l eng --psm 6
```

கடைசி எண் 6, படம் முழுவதும் ஒரே சீரான எழுத்துத் தொகுதி என்று அதற்குச் சொல்கிறது.

ஒட்டு

ஒரு காலம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை நின்று நிதானமாகப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் இரண்டாம் காலத்தின் கடைசிச் சொல் 'பிரேக்-' என்று கோட்டோடு உடைந்து நிற்கிறது. 3, 4 காலங்களின் உச்சியில் ஒரு புகைப்படம். அதன் கீழே சிறிய எழுத்தில் படக்குறிப்பு. அதுவும் 'வாட்டர்' என்றே தொடங்குகிறது! இரண்டையும் ஒட்டினால் 'பிரேக்வாட்டர்' (அலைத்தடுப்புச் சுவர்) கிடைத்துவிடும். ஆனால் அடுத்த வரியிலேயே வாக்கியம் உளறும்.

எழுத்தைக் கவனியுங்கள். படக்குறிப்பு புது வாக்கியம், அதனால் அதன் முதல் எழுத்து ஆங்கிலக் கேபிடல் எழுத்து. உடைந்த சொல்லின் மீதி ஸ்மால் லெட்டரில்தான் தொடங்கும். அது படக்குறிப்புக்கும் கீழே, மூன்றாம் காலத்தின் செய்தி வரியில் இருக்கிறது. இப்போது வாக்கியம் சேர்கிறது: இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் அதை மறிப்பதால் வடக்கே கரை அரிக்கப்படுகிறது.

சில சமயம் காலம் முழு வாக்கியத்தோடு முடிந்துவிடும், ஒட்டிப் பார்க்கச் சொல் இருக்காது. அப்போது பெயர்களைப் பிடியுங்கள். முழுப் பெயரும் பதவியும் வரும் பாரா முந்தியது. வெறும் 'அவர்' வரும் பாரா பிந்தியது. நடுவே பெரிய எழுத்தில் துருத்தும் மேற்கோள் செய்தியிலிருந்தே எடுத்தது, அதை வாசிப்பு வரிசையில் சேர்க்க வேண்டாம்.

தலைப்பு

இழப்பு மணல் என்பது இப்போது உறுதி. 'கரை இழப்பு' பொருளில் சரி, ஆனால் சொல் விளையாட்டு போய்விட்டது. ஷோர், ஷ்யூர் என்ற ஒலி ஒற்றுமை தமிழில் வராது. அதைத் துரத்தாமல், கரையைச் சுற்றித் தமிழில் என்ன விளையாட்டு இருக்கிறது என்று தேடுங்கள். 'கரை' பெயராகவும் வரும், 'கரைந்து போ' என்ற வினையாகவும் வரும். ஆகவே:

கரையும் கரை

'கரையும்' என்பதைக் 'கரைகூட' என்று ஒருவர் வாசிக்கலாம். அடுத்து 'கடலும்' போல ஒரு சொல் வந்திருந்தால் அந்தக் குழப்பம் நீடித்திருக்கும். 'கரை' வருவதால் வினையாகவே விழுகிறது. செய்தி படிக்காத ஒருவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டிச் சரிபாருங்கள்.

இதில் 'நிச்சயம்' என்ற பாதி விடுபடுகிறது. அதைத் துணைத் தலைப்பில் வைக்கலாம்: 'மணல் வரத்து நின்றால் வடக்கே அரிப்பு நிச்சயம்'. ஆனால் அந்த உறுதி செய்தியின் உடலில் எங்கோ சொல்லப்பட்டிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அது நான்காம் காலத்தின் கடைசி பாராவில் இருக்கிறது. அங்கே இல்லையென்றால் துணைத் தலைப்பில் 'நிச்சயம்' என்று எழுதாதீர்கள்.